பதில் வராத கொட்டேஷன்: இன்னொரு முறை கேட்பதா, கடந்து போவதா?

ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி இரண்டாம் வார வாக்கில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் 'ஹைம்டெக்ஸ்டில்' என்ற வீட்டு ஜவுளிக் கண்காட்சி நடக்கிறது. கரூர்க்காரர்களுக்கு அது திருவிழா மாதிரி. சமையலறைத் துண்டு, மேசை விரிப்பு, ஏப்ரன், திரைச்சீலை என்று ஊரே நெய்து தைத்து அனுப்பும் சரக்குக்குப் புதிய பையர் கிடைக்கும் இடம் அது. நாலு நாள் ஸ்டாலில் கால் கடுக்க நின்று, கை நிறைய விசிட்டிங் கார்டுகளோடு ஊர் திரும்புகிறார்கள். ஜனவரி முடிவதற்குள் கேட்டவர்களுக்கெல்லாம் கொட்டேஷன் போய்விடும். அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது மௌனம்.

"சார், அந்த ஹாம்பர்க் பார்ட்டி இன்னும் பதிலே போடலைங்க. இன்னொரு மெயில் தட்டி விடட்டுங்களா?" பிப்ரவரியில் கரூர் ஏற்றுமதி அலுவலகங்களில் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கும் பிள்ளைகள் முதலாளியிடம் தினமும் கேட்கும் கேள்வி இது. முதலாளிகள் சொல்லும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, "தெனமும் போட்டுக்கிட்டே இரு, என்னைக்காவது எடுப்பான்." இன்னொன்று, "விடு, வேணும்னா அவனே வருவான்." இந்த இரண்டாலுமே ஆர்டர்கள் கைவிட்டுப் போயிருக்கின்றன. முதல் வழியில் பையர் எரிச்சலடைந்து நம் முகவரியையே தடுத்துவிடுகிறார். இரண்டாவது வழியில், நம் மடல் அவருக்குப் போய்ச் சேரவே இல்லை என்பது நமக்குத் தெரியாமலே போகிறது.

எத்தனை முறை கேட்கலாம், எப்போது கேட்கலாம், எந்தத் தேதியில் நிறுத்தலாம் என்பதையெல்லாம் மனநிலையை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. சரக்கு, சீசன், கப்பல் ஆகியவற்றின் கணக்கே அதைச் சொல்லிவிடும். ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு அதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி: அவர் எவ்வளவு இறங்கி வந்திருக்கிறார்?

மௌனமாக இருப்பவர்கள் எல்லோரும் ஒரே ரகம் கிடையாது. நம்மை முன்பின் தெரியாத ஒருவருக்கு எங்கிருந்தோ முகவரி எடுத்து மடல் போட்டிருந்தால், அவர் நமக்கு எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. கண்காட்சியில் நின்று துணியைத் தொட்டுப் பார்த்துக் கார்டு கொடுத்துப் போனவர் ஒரு படி இறங்கி வந்தவர். அளவு, எடை, நிறம், எண்ணிக்கை எல்லாம் சொல்லி விலை கேட்டவர் இரண்டு படி. தன் செலவில் சாம்பிள் வரவழைத்தவர் மூன்று படி.

மறுபடி கேட்கும் உரிமை இந்தப் படிகளோடு சேர்ந்து வளர்கிறது. முன்பின் தெரியாதவரிடம் ஒரே ஒரு முறைதான் நினைவூட்டலாம். அதற்கு மேல் போனால் தொந்தரவு. கார்டு கொடுத்தவரிடம் இரண்டு முறை கேட்கலாம். விலை கேட்டவருக்கு இரண்டு நினைவூட்டல், ஒரு தொலைபேசி அழைப்பு, கடைசியாக ஒரு முடிப்பு மடல் என்று வைத்துக்கொள்ளலாம். சாம்பிள் வரவழைத்தவரிடம் அதன் முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை தொடர்வதில் தவறே இல்லை.

முன்பின் தெரியாதவர் விஷயத்தில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஜெர்மனியில் நியாயமற்ற வணிகப் போட்டிக்கு எதிரான சட்டத்தின் 7ஆவது பிரிவுப்படி, விளம்பர மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன்கூட்டியே வெளிப்படையான சம்மதம் வேண்டும்; பெறுபவர் ஒரு நிறுவனமாக இருந்தாலும் இது பொருந்தும். அமெரிக்காவில் முதல் மடலுக்குத் தடை இல்லை. ஆனால் இனி அனுப்ப வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்தியாக வேண்டும். கனடாவில் ஒருவர் நம்மிடம் விசாரித்தால், அந்த நாளிலிருந்து 6 மாதம் வரை அவர் சம்மதித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே கண்காட்சியில் கார்டு வாங்கும்போதே, "விலை அனுப்பட்டுமா?" என்று கேட்டு, அவர் சொன்ன பதிலைக் கார்டின் பின்புறத்தில் தேதியோடு எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

நம் எடுத்துக்காட்டு

ஹாம்பர்க்கில் ஓர் இறக்குமதியாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜெர்மனியில் உள்ள கடைகளுக்குச் சமையலறைத் துணி வாங்கிக் கொடுப்பவர். கரூர் ஸ்டாலில் நின்று அவர் கேட்டது இது: கிறிஸ்துமஸ் விற்பனைக்குச் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கிச்சன் டவல், நூலிலேயே சாயம் ஏற்றி நெய்தது, அளவு 50-க்கு 70 சென்டிமீட்டர், எடை 200 ஜிஎஸ்எம், மூன்று டிசைன், மொத்தம் 20,000 பீஸ், தூத்துக்குடி எஃப்ஓபி விலை. கரூர்க்காரர் ஜனவரி 27 அன்று பீஸ் 58 சென்ட் என்று கொட்டேஷன் அனுப்புகிறார். விலை 30 நாளுக்குச் செல்லும், அதாவது பிப்ரவரி 26 வரை. மொத்த மதிப்பு 11,600 டாலர்.

ஒரு வாரம் ஆகிறது. பதில் இல்லை.

மடல் போய்ச் சேர்ந்ததா?

'ஏன் பதில் போடவில்லை' என்று யோசிப்பதற்கு முன்னால் 'அவருக்குக் கிடைத்ததா' என்று பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் வரும் மௌனத்தில் கணிசமான பங்கு இந்த இடத்திலேயே முடிந்துவிடும். 12 டிசைன் படங்களையும் பெரிய கேட்டலாக்கையும் சேர்த்து 20 எம்பி மடலாக அனுப்பினால், பல நிறுவனங்களின் சர்வர் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். சில சமயம் திரும்பி வந்ததற்கான அறிவிப்பு வரும். சில சமயம் அதுவும் வராது. கார்டில் இருந்த மின்னஞ்சலைத் தட்டச்சு செய்யும்போது ஓர் எழுத்து மாறியிருக்கலாம். நம் நிறுவனத்தின் சொந்த டொமைனில் SPF, DKIM, DMARC என்ற மூன்று பதிவுகள் சரியாக இல்லை என்றால், மடல் நேராக ஸ்பேம் பெட்டிக்குப் போக வாய்ப்பு அதிகம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக மடல் அனுப்புபவர்களுக்கு இந்த மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டன. நாம் அவ்வளவு அனுப்புவதில்லை என்றாலும், இவை இல்லாத மடலைச் சந்தேகத்தோடு பார்ப்பது எல்லா இடத்திலும் கூடியிருக்கிறது. டொமைன் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் சொன்னால் ஒரு மணி நேர வேலை.

மடல் திறக்கப்பட்டதா என்று காட்டும் மென்பொருளைச் சிலர் வைத்திருக்கிறார்கள். அது 'மூன்று முறை திறந்தார்' என்று காட்டியதும், 'பார்த்துவிட்டும் பேசாமல் இருக்கிறாரே' என்று மனம் கசந்துபோகும். அந்தத் தகவலை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. மடலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்னப் படம் எத்தனை முறை இறக்கப்பட்டது என்பதைத்தான் அந்த மென்பொருள் எண்ணுகிறது. 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, பயனர் மடலைத் திறக்காவிட்டாலும் அந்தப் படத்தைத் தானே இறக்கிக்கொள்கிறது. நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள்களும் மடலில் உள்ள லிங்குகளைத் தாமே சொடுக்கிச் சோதிக்கின்றன. ஆகவே மனிதர் திறக்காத மடலும் திறந்ததாகக் காட்டும். படங்களை நிறுத்தி வைத்திருப்பவர் படித்த மடல் திறக்காததாகவே நிற்கும்.

காலண்டரைப் பாருங்கள்

மடல் சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்துப் பார்க்க வேண்டியது அவருடைய காலண்டர். ஹைம்டெக்ஸ்டில் முடிந்த மூன்று நான்கு வாரத்தில் அதே பிராங்க்ஃபர்ட்டில் 'ஆம்பியன்டே' என்ற வீட்டுப் பொருள் கண்காட்சி வருகிறது. சமையலறைத் துணி வாங்குபவர் அதற்கும் போவார். பிப்ரவரி முதல் பாதியில் அவர் மேசையில் உட்காரும் நேரம் குறைவு. அந்த வாரத்தில் நினைவூட்டல் அனுப்பினால், 200 மடல்களுக்கு நடுவே அதுவும் ஒன்றாகிவிடும். கரூர்க்காரர் பிப்ரவரி 17 வரை பொறுத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். அந்தத் தேதிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. விலைக் கெடு முடிய இன்னும் ஒன்பது நாள் இருப்பதால், மறுபடி எழுதுவதற்கு ஓர் உண்மையான காரணம் கிடைக்கிறது.

காலண்டர் இன்னொரு முக்கியமான தேதியையும் சொல்கிறது. கிறிஸ்துமஸ் துணி அக்டோபர் நடுவில் ஜெர்மன் கடைகளில் தொங்க வேண்டும். அதற்குச் செப்டம்பர் நடுவிலாவது இறக்குமதியாளரின் கிடங்கில் இருக்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து ஹாம்பர்க் போகும் பாதையில் 2023 கடைசியில் செங்கடல் சிக்கல் வந்ததால், கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் இரண்டு வாரம் வரை நீண்டது. பாதுகாப்பாக ஆறு வாரம் என்று வைத்தால், ஜூலைக் கடைசியில் சரக்கு கப்பல் ஏறியாக வேண்டும். நூலுக்குச் சாயம் ஏற்றி, நெய்து, தைத்து, பரிசோதித்து, பேக் செய்ய 60 முதல் 70 நாள் ஆகும். எனவே மே மாத நடுவுக்குள் ஆர்டர் உறுதியாகியிருக்க வேண்டும்.

அந்த மே 15-தான் இந்தக் கொட்டேஷனின் கடைசி நாள். பிப்ரவரியில் அவர் மௌனமாக இருப்பதற்குப் பெரிய பொருள் எதுவும் இல்லை. இன்னும் நேரம் இருக்கிறது, அவருக்கு அவசரம் இல்லை. மே 15-ஐத் தாண்டிய மௌனத்துக்கு மட்டும் ஒரே பொருள்: இந்த ஆண்டுக்கு முடிந்துவிட்டது. கொட்டேஷன் போடும் அன்றைக்கே இந்தப் பின்னோக்கிய கணக்கைப் போட்டு, கடைசி நாளைக் கோப்பின் மேலே எழுதிவிட்டால், கடந்து போகும் முடிவு அப்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. பிறகு தினமும் மெயில் பெட்டியைப் பார்த்து மனம் ஊசலாட வேண்டியதில்லை.

இரண்டாவது மடலில் என்ன இருக்க வேண்டும்?

'நான் அனுப்பியதைப் பார்த்தீர்களா?', 'தயவுசெய்து நினைவூட்டுகிறேன்' என்று மட்டும் எழுதினால் பையருக்கு வேலை கூடுகிறது. அவர் பழைய மடலைத் தேடி, திறந்து, யோசித்து, முடிவெடுத்து, எழுத வேண்டும். அதனால்தான் 'அப்புறம் பார்ப்போம்' என்று தள்ளி வைக்கிறார். நல்ல நினைவூட்டலில் மூன்று விஷயங்கள் இருக்கும்: ஒரு புதிய செய்தி, ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி, பழைய கொட்டேஷனின் சுருக்கம்.

கரூர்க்காரர் பிப்ரவரி 17 அன்று எழுதும் மடலின் சாரம் இப்படி இருக்கலாம்:

"ஸ்டாலில் நீங்கள் பார்த்த சிவப்புக் கட்டத்தை, நீங்கள் சொன்னபடி சற்றுப் பெரிதாக்கி நெய்து பார்த்தோம், படம் இணைத்திருக்கிறேன். 50-க்கு 70, 200 ஜிஎஸ்எம், 20,000 பீஸ், 58 சென்ட் விலை இந்த மாதம் 26ஆம் தேதி வரை செல்லும். அதன் பிறகு அன்றைய நூல் விலையில் கணக்குப் போட வேண்டியிருக்கும். இது இந்த கிறிஸ்துமஸுக்கா, அடுத்த ஆண்டுக்கா? அதை மட்டும் சொன்னால் அதற்கேற்பத் திட்டமிடுவோம்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யான அவசரம் இல்லை. விலைக் கெடு உண்மையிலேயே நூலால் வருகிறது. ஒரு டவல் 0.35 சதுர மீட்டர். 200 ஜிஎஸ்எம் என்றால் 70 கிராம். 20,000 பீஸுக்கு 1,400 கிலோ. சேதாரம் 5 சதவீதம் சேர்த்தால் 1,470 கிலோ நூல். கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் 14,700 ரூபாய், அதாவது பீஸுக்கு முக்கால் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சின்னத் தொகையாகத் தெரிந்தாலும், பீஸுக்கு இரண்டு மூன்று ரூபாய் லாபம் பார்க்கும் தொழிலில் அது பெரிய அடி. இந்தக் கணக்கை விளக்கினால் எந்தப் பையரும் மறுப்பதில்லை. ஆனால் கெடு தாண்டிய பிறகும் பழைய விலைக்கே ஒப்புக்கொள்பவரை, அடுத்த முறை கெடு சொன்னால் யாரும் நம்புவதில்லை.

இந்தக் கட்டத்தில் பலர் செய்யும் ஒரு காரியத்தைச் செய்யவே கூடாது: பதில் வராததால் தானாக விலையைக் குறைப்பது. 58-ஐ 55 ஆக்கினால் இந்த ஆர்டரில் 600 டாலர் போகிறது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பேசாமல் இருந்தாலே விலை இறங்கும் என்று பையர் அன்றைக்குத் தெரிந்துகொள்கிறார். அடுத்த கொட்டேஷனுக்கும் அவர் பேசாமல்தான் இருப்பார். விலை அதிகம் என்று அவர் வாயால் சொல்லும் வரை, அதுதான் காரணம் என்று நாம் முடிவு கட்டிக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது முறை போனை எடுங்கள்

பிப்ரவரி 17 மடலுக்கும் பதில் இல்லை. 26ஆம் தேதியும் தாண்டிவிட்டது. இப்போது மூன்றாவது மடல் எழுதுவதில் பயனில்லை. இரண்டு மடல் ஒரே பெட்டியில் மௌனமானால் பெட்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும். குளிர்காலத்தில் ஜெர்மனி நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நமக்கு மதியம் இரண்டரை என்றால் அங்கே காலை பத்து. மார்ச் 3 அன்று மெர்ச்சண்டைசர் அந்த நிறுவனத்தின் பொது எண்ணுக்கு அழைக்கிறார். பையரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்கவில்லை. "சமையலறைத் துணி வாங்கும் பொறுப்பு இன்னும் இவரிடம்தான் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்கிறார். "இல்லை, பிப்ரவரியிலிருந்து அவர் பெட்ஷீட் பிரிவுக்குப் போய்விட்டார், கிச்சனுக்கு வேறொரு அம்மையார்" என்று பதில் வருகிறது.

இந்த மாதிரி மாற்றம் பையிங் அலுவலகங்களில் சர்வ சாதாரணம். பழையவர் நம் மடலைப் புதியவருக்குத் தள்ளிவிட்டிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஐந்து வார மௌனத்துக்குக் காரணம் விலையும் இல்லை, தரமும் இல்லை, நாற்காலி மாறியதுதான். புதியவருக்குப் போகும் மடலில் பழைய சங்கிலியை முழுவதும் ஒட்டி அனுப்பக் கூடாது. 'நாங்கள் ஏற்கெனவே இரண்டு முறை எழுதினோம்' என்று அது புகார் சொல்வது போலத் தோன்றும். கண்காட்சியில் யார், எதை, எந்த அளவில் கேட்டார் என்று நாலே வரியில் புதிதாக எழுத வேண்டும். அன்றைய நூல் விலையில் புதிய கொட்டேஷனும் வைக்க வேண்டும்.

தனிப்பட்ட வாட்ஸாப் எண்ணுக்கு அனுப்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்கெனவே ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும் பையரோ, நம் ஊர் பையிங் ஏஜென்டோ என்றால் தாராளமாக அனுப்பலாம். புதிய ஐரோப்பியப் பையர் அவராக அதில் பேச்சைத் தொடங்காத வரை வேண்டாம். நீல டிக் விழுந்தும் பதில் இல்லையே என்று நாம் வருந்துவோம்; வீட்டு நேரத்தில் வேலை வந்துவிட்டதே என்று அவர் கோபப்படுவார்.

சாம்பிள் போன பிறகு வரும் மௌனம்

புதியவர் பதில் போடுகிறார்: மூன்று டிசைனிலும் சாம்பிள் வேண்டும். இங்கே ஒரு சோதனை வைக்கலாம். "உங்கள் கூரியர் கணக்கு எண்ணைத் தாருங்கள், அதில் அனுப்புகிறோம்" என்று கேட்பது இந்தத் தொழிலில் வழக்கமான, மரியாதையான கோரிக்கை. கூரியர் செலவை ஏற்பவர் சாம்பிளைப் பிரித்துப் பார்ப்பார். எடை, அளவு, பேக்கிங் பற்றி நாம் கேட்ட எதற்கும் பதில் சொல்லாமல், விலையையும் இலவச சாம்பிளையும் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பவர், தன் பழைய சப்ளையரிடம் பேரம் பேசுவதற்கு நம் விலைத் தாளைத் தேடுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அவருடைய அடுத்த மௌனத்துக்குப் பின்னால் ஓட வேண்டியதில்லை.

நம் அம்மையார் கணக்கு எண் தருகிறார். மார்ச் 16 அன்று பார்சல் கிளம்புகிறது. பத்து நாள் சத்தமில்லை. மறுபடி மடல் எழுதுவதற்கு முன் ஏர்வே பில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சுங்கத்துக்கு இறக்குமதியாளரின் ஈஓஆர்ஐ எண் தேவைப்படுவதால், அந்தத் தாள் இல்லாமல் பார்சல் விமான நிலையத்திலேயே காத்துக்கிடப்பது உண்டு. அப்படியிருந்தால் அந்த ஒரு விவரத்தை மட்டும் கேட்டு அன்றே எழுத வேண்டும். பையருக்கே அது தெரியாமல் இருக்கும்.

பார்சல் சேர்ந்து கையெழுத்தும் ஆகிவிட்டது என்றால், அந்தத் தேதியிலிருந்து இரண்டு வாரம் கொடுங்கள். ஜெர்மனியில் சமையலறைத் துண்டை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது வழக்கம். சிவப்பு வெள்ளைக் கட்டத்தில் சிவப்பு கசிந்து வெள்ளையில் ஏறினால் சரக்கு செத்தது. எனவே அவர் சாம்பிளைத் துவைத்துப் பார்ப்பார், அல்லது ஆய்வகத்துக்கு அனுப்புவார். கரூர்க்காரர் அந்த இரண்டு வாரத்தைச் சும்மா கழிக்காமல், அதே துணியை 60 டிகிரியில் ஐந்து முறை துவைத்து, சாய உறுதிப் பரிசோதனை அறிக்கையும் வாங்கி வைக்கிறார். ஏப்ரல் 9 அன்று எழுதும் நினைவூட்டலில் அந்த அறிக்கையும் துவைத்த துணியின் படமும் போகின்றன. கேள்வி ஒன்றுதான்: "உங்கள் பரிசோதனையில் நிறம் நின்றதா?" 'சாம்பிள் பிடித்திருந்ததா' என்று கேட்பதைவிட இது மேல். பிடித்திருந்ததா என்ற கேள்விக்கு ஆமாம் என்று சொன்னால் ஆர்டர் கொடுக்க வேண்டி வரும் என்று பையர் தயங்குவார். நிறம் நின்றதா என்பதற்குத் தயங்காமல் பதில் சொல்லலாம். நிற்கவில்லை என்று பதில் வந்தாலும் நல்லதுதான். சாயப்பட்டறையில் சரிசெய்யக்கூடிய ஒரு காரணம் கைக்குக் கிடைத்துவிடும்.

முடிப்பு மடல்

ஏப்ரல் 9 மடலுக்குப் பதில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மே 15 நெருங்குகிறது. மே 11 அன்று கடைசி மடல் போகிறது. சாரம் இது:

"கிறிஸ்துமஸ் சரக்கு ஜூலைக் கடைசியில் கப்பல் ஏற வேண்டுமானால் 15ஆம் தேதிக்குள் நூலுக்கு ஆர்டர் போட வேண்டும். உங்களிடமிருந்து தகவல் இல்லாததால் இந்த சீசனுக்கு இந்தக் கோப்பை மூடுகிறோம். ஒதுக்கி வைத்த தறிகளை வேறு ஆர்டருக்குக் கொடுக்கிறோம். டிசைனும் சாம்பிளும் எங்களிடம் பத்திரமாக இருக்கும். அடுத்த ஆண்டுக்காக நவம்பரில் எழுதுகிறோம். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி."

இதில் வருத்தமும் இல்லை, குத்தலும் இல்லை. 'இத்தனை முறை எழுதியும்' என்ற சொல்லே கிடையாது. இந்த மடலுக்குப் பதில் வருவதற்கான வாய்ப்பு முந்தைய நினைவூட்டல்களைவிட அதிகம் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். இல்லை என்று சொல்லச் சங்கடப்பட்டவருக்கு இது கதவைத் திறந்துவிடுகிறது. தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவருக்குக் கெடு தெரிகிறது. ஆனால் மடலில் சொன்னபடி நடந்துகொள்ள வேண்டும். மூடுகிறோம் என்று எழுதிவிட்டு மே 20 அன்று மறுபடி 'ஏதாவது தகவல் உண்டா' என்று கேட்டால், நாம் எழுதிய எல்லாத் தேதிகளும் மதிப்பிழந்துவிடும்.

நம் எடுத்துக்காட்டில் மே 15 தாண்டுகிறது, பதில் வரவில்லை, ஆர்டரும் இல்லை. கரூர்க்காரர் செய்ததில் பிழை ஏதும் உண்டா? இல்லை. ஜனவரி முதல் மே வரை அவர் இரண்டு நினைவூட்டல், ஓர் அழைப்பு, நாற்காலிக்கு வந்த புதியவருக்கு ஒரு புதிய மடல், ஒரு முடிப்பு மடல் என்று போயிருக்கிறார். தறியை மே 16 வரை சும்மா நிறுத்தி வைக்கவில்லை, விலையை இறக்கவில்லை, அறுபது டிகிரியில் நிறம் நிற்கும் ஒரு டிசைனும் அதன் அறிக்கையும் கையில் இருக்கின்றன. அந்தப் பெண்மணியின் நேரடி முகவரியும் கிடைத்திருக்கிறது. அவர் வேறு சப்ளையரிடம் எடுத்திருக்கலாம், நிறுவனம் அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் வகைகளைக் குறைத்திருக்கலாம். தெரியாத காரணத்தைத் தேடி அலைவதில் அடுத்த பையருக்குப் போக வேண்டிய நாட்கள்தான் வீணாகும்.

கோப்பில் நாலு கட்டம்

இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. 40 கார்டோடு வந்தவர் 40 மௌனங்களைச் சுமக்க வேண்டியிருக்கும். ஒரு நோட்டோ எக்ஸெல் தாளோ போதும். ஒவ்வொரு பையருக்கும் நாலு கட்டம் போடுங்கள்: அவர் கடைசியாகச் செய்தது என்ன, நாம் கடைசியாகக் கொடுத்தது என்ன, அடுத்து நாம் எழுத வேண்டிய தேதியும் அதற்கான புதிய செய்தியும், கோப்பை மூடும் தேதி. மூன்றாவது கட்டத்தில் எழுதுவதற்குப் புதிய செய்தி எதுவும் இல்லை என்றால், அந்தத் தேதியில் மடல் எழுதக் கூடாது. நாலாவது கட்டம் காலியாக இருந்தால், அந்தக் கொட்டேஷனே இன்னும் முழுமையடையவில்லை என்று பொருள்.

இந்தத் தாளில் மாதம் ஒருமுறை கண்ணோட்டம் விட்டால் இன்னொன்றும் புலப்படும். ஒரே டிசைனுக்கு மட்டும் பத்துப் பேரும் மௌனம் என்றால், கோளாறு பையரிடம் இல்லை. டிசைனிலோ விலையிலோ இருக்கிறது. ஒரே நாட்டு முகவரிகள் எல்லாம் மௌனம் என்றால், மடல் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். சாம்பிள் வரை வந்தவர்கள் எல்லோரும் அங்கேயே நின்றுவிட்டால், சாயப்பட்டறைக்குப் போய்ப் பேச வேண்டும். ஒருவருடைய மௌனத்தை வைத்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது. பத்துப் பேருடைய மௌனம் ஒரே படியில் நின்றால் அதுதான் தகவல்.

இந்த ஆண்டுக் கண்காட்சிக் கார்டுகள் உங்கள் மேசை இழுப்பறையில் இருந்தால், இன்றைக்கு அவற்றை வெளியே எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூடும் தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். அந்தத் தேதி வரை முறையாகக் கேளுங்கள். அது தாண்டிய அன்றே நன்றி சொல்லிக் கோப்பை மூடிவிட்டு, தறியை அடுத்தவருக்குக் கொடுங்கள்.